விலைப்பட்டியலில் இல்லாத ஆப்ஷனுக்கு என்ன விலை?

நிஃப்டி 25,000-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 25,000 ஸ்ட்ரைக்கில் 30 நாளில் முடியும் ஆப்ஷனும் 60 நாளில் முடியும் ஆப்ஷனும் சந்தையில் கைமாறுகின்றன. ஒரு முதலீட்டு நிறுவனமோ வெளிநாட்டு வங்கி ஒன்றிடம் 45 நாள் ஆப்ஷன் கேட்கிறது. அதற்குச் சந்தை விலை இல்லை. வங்கி என்ன விலை சொல்லும்?

ஆப்ஷனின் பிரீமியத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், குறியீடு ஆண்டுக்கு எவ்வளவு ஏறி இறங்கும் எனச் சந்தை நினைக்கிறது என்பது சதவீதமாகக் கிடைக்கும். இதுதான் இம்ப்ளைட் வாலட்டிலிட்டி. ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக், எக்ஸ்பைரிக்கு எக்ஸ்பைரி இது மாறும். எல்லாவற்றையும் சேர்த்து வரைந்தால் மேடுபள்ளமான ஒரு பரப்பு உருவாகும். அதில் விலை இல்லாத இடங்களைத்தான் வங்கி நிரப்ப வேண்டும்.

30 நாளுக்கு 12%, 60 நாளுக்கு 15% என்றால், 45 நாளுக்கு 13.5% என்று சொல்லத் தோன்றும். ஆனால் காலத்தோடு சேர்ந்துகொண்டே போவது வாலட்டிலிட்டி அல்ல. அதன் வர்க்கத்தை நாட்களால் பெருக்கிய மொத்த வேரியன்ஸ்தான். 12-ன் வர்க்கம் 144. 30 நாளுக்கு 4,320. 15-ன் வர்க்கம் 225. 60 நாளுக்கு 13,500. இரண்டுக்கும் நடுப்புள்ளி 8,910. அதை 45-ஆல் வகுத்தால் 198, வர்க்கமூலம் 14.07%. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 13.5% என்பது சுமார் 473 புள்ளி பிரீமியம், 14.07% என்பது 493.

இதுவும் முடிந்த கணக்கல்ல. எல்லா நாளும் ஒரே அளவு ஆட்டம் என்ற அனுமானம் இதில் இருக்கிறது. மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 6% சரிந்தது. அப்படியொரு நாள் 50-ஆம் நாளாக வருகிறது என்றும், 60 நாள் ஆப்ஷனின் கூடுதல் வாலட்டிலிட்டி முழுக்க அதற்காகத்தான் என்றும் கொள்வோம். 45 நாள் ஆப்ஷன் அதற்கு முன்பே முடிந்துவிடும். எனவே அதற்கு 12%தான் சரி. பிரீமியம் சுமார் 420. நாட்காட்டியைப் பார்க்காதவர் 73 புள்ளி அதிகம் சொல்லியிருப்பார்.

ஸ்ட்ரைக்குகளுக்கு இடையே நிரப்பும்போது வேறொரு சோதனை உண்டு. 25,000 கால் ஆப்ஷன் 300, 25,200 கால் 200 என்றிருக்க, நடுவிலுள்ள 25,100-க்கு நம் வளைகோடு 255 தருகிறது என்போம். யாரேனும் ஓரத்து இரண்டையும் 500-க்கு வாங்கி, நடுவிலுள்ளதில் இரண்டை நம்மிடம் 510-க்கு விற்றால், 10 புள்ளி அவருக்கு உடனே கிடைக்கும். எக்ஸ்பைரியில் நிஃப்டி எங்கே நின்றாலும் அவருக்கு நஷ்டமில்லை. நடு விலை இரு ஓரங்களின் சராசரியான 250-ஐத் தாண்டக் கூடாது. அதேபோல ஒரே ஸ்ட்ரைக்கில் மொத்த வேரியன்ஸ் நாளாக ஆகக் குறையவும் கூடாது.

கோடு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், இந்த இரண்டு சோதனைகளில் தவறினால் அந்த விலையை வெளியே சொல்ல முடியாது. இரண்டிலும் தேறினாலும் அது சரியான விலை என்று பொருளில்லை. 493-ம் 420-ம் இரண்டுமே தேறக்கூடியவை. எது சரி என்பதைத் தேர்தல் தேதிதான் தீர்மானிக்கிறது.