இரண்டுக்கு முன்னால் வரும் பத்து

ஜாவாஸ்கிரிப்டில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள்:

```
[2, 10, 1, 25].sort()
// [1, 10, 2, 25]
```

2-க்கு முன்னால் 10 வந்து நிற்கிறது. அடைப்புக்குறிக்குள் நாம் எதுவும் தராவிட்டால், `sort` ஒவ்வொரு எண்ணையும் எழுத்துச் சரமாக மாற்றிக்கொண்டுதான் ஒப்பிடும். அகராதியில் சொல் தேடுவதுபோல முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். "10" தொடங்குவது 1-இல். அது 2-க்கு முந்தியது. அங்கேயே முடிவாகிவிடுகிறது, அடுத்துள்ள பூஜ்ஜியத்தை அது பார்ப்பதே இல்லை.

ஒரே பட்டியலில் எண்ணும் சொல்லும் கலந்திருக்கலாம் என்பதால், எதையும் ஒப்பிட உதவும் பொது வடிவமாக எழுத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. 1 முதல் 9 வரை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஈரிலக்க எண் ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பது அவசியம்.

தீர்வு, ஒப்பிடும் முறையை நாமே சொல்லிவிடுவது:

```
[2, 10, 1, 25].sort((a, b) => a - b)
// [1, 2, 10, 25]
```

கழித்து வரும் விடை எதிர்மறையானால் `a` முன்னால் வரும்; நேர்மறையானால் `b` முன்னால் வரும்.