ஐம்பது மணி நேரம் இரண்டு மணி நேரமாவது ஏன்?

இரவு ஷிப்ட் ஓடும் மில், மருத்துவமனை, பெட்ரோல் பங்க் எதுவானாலும் மாதம் பிறந்தால் வேலை நேரத்தைக் கூட்டிக் கூலி போட்டாக வேண்டும். இப்போது பெரும்பாலும் எக்செல்லில்தான் அந்தக் கணக்கு நடக்கிறது. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அடித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் கூட்டினால் போதும் என்றுதான் தோன்றும். பகல் ஷிப்டுக்கு அது சரிதான். ஆள் இரவில் வந்து காலையில் போகிறார் என்றால் கணக்கு இரண்டு மூன்று இடங்களில் உடைகிறது. உடைந்தது வெளியே தெரியாமல் போனால் தொழிலாளிக்கு வரவேண்டிய பணம் குறைகிறது.

ஒரு காவலாளியின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம்.

| நாள் | வந்தது | போனது | வேலை நேரம் |
|---|---|---|---|
| திங்கள் | 22:00 | 6:00 | 8:00 |
| செவ்வாய் | 22:00 | 6:15 | 8:15 |
| புதன் | 22:00 | 6:00 | 8:00 |
| வியாழன் | 21:45 | 6:00 | 8:15 |
| வெள்ளி | 22:00 | 7:30 | 9:30 |
| சனி | 14:00 | 22:00 | 8:00 |

கையால் கூட்டினால் சரியாக 50 மணி நேரம். எக்செல்லும் இதே விடையைத் தரவேண்டுமானால், அது நேரத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. நேரம் என்பது அந்த ஒன்றில் ஒரு பங்கு. காலை 6 மணி 0.25, நண்பகல் 0.5, இரவு 10 மணி ஏறக்குறைய 0.9167. திரையில் 22:00 என்று தெரிவது நமக்காகப் போட்டுக் காட்டும் தோற்றம்தான். உள்ளே இருப்பது இந்தப் பின்னம். கீழே சொல்லப்போகும் எல்லாத் தவறுகளும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

திங்கட்கிழமையைப் பாருங்கள். 6 மணியிலிருந்து 22 மணியைக் கழித்தால் 0.25-இலிருந்து 0.9167 போகிறது, விடை மைனஸ் 0.6667. கழிவு நேரத்தை எக்செல் வழக்கமாகக் காட்டாது. செல் முழுவதும் ##### என்று நிரம்பிவிடும். செல்லை எவ்வளவு அகலமாக்கினாலும் அது போகாது. சிலர் மைனஸ் குறியை மட்டும் நீக்கிவிட்டு 16 மணி நேரம் என்று எழுதிவிடுகிறார்கள். அது அவர் வேலை செய்யாத நேரம். செய்ய வேண்டியது, விடை கழிவாக வந்தால் ஒரு நாளைச் சேர்ப்பது. மைனஸ் 0.6667-உடன் 1 சேர்த்தால் 0.3333, அதுவே 8 மணி நேரம். இதைத் தானாகச் செய்வது MOD. வந்த நேரம் B2-விலும் போன நேரம் C2-விலும் இருந்தால், D2-வில் இப்படி அடிக்க வேண்டும்:

```
=MOD(C2-B2,1)
```

சனிக்கிழமை போன்ற பகல் ஷிப்டுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். விடை கழிவாக இல்லாதபோது அது எதையும் மாற்றாது. ஆகவே இதை எல்லா வரிசைக்கும் இழுத்துவிடலாம்.

அடுத்த தடை மொத்தத்தில். D8-இல் `=SUM(D2:D7)` என்று போட்டால் 50:00 வரவேண்டும். திரையில் வருவது 2:00. கூட்டல் தவறவில்லை, உள்ளே 2.0833 என்று சரியான எண்தான் இருக்கிறது. ஆனால் h:mm என்ற ஃபார்மேட் கடிகார நேரத்தைக் காட்டுவது. 24 மணி ஆனதும் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு முழு நாட்களை, அதாவது 48 மணி நேரத்தை விழுங்கிவிட்டு மிச்சம் இரண்டை மட்டும் காட்டுகிறது. மொத்தம் உள்ள செல்லில் Ctrl+1 அழுத்தி, Custom என்பதில் இப்படி அடித்தால் 50:00 தெரியும்:

```
[h]:mm
```

சதுர அடைப்புக்குறி, நாட்கள் எத்தனை ஆனாலும் மணியாகவே எண்ணு என்று சொல்கிறது. கூகுள் ஷீட்ஸில் இதே வேலையை Duration என்ற ஃபார்மேட் செய்யும்.

இனி கூலி. மணிக்கு 80 ரூபாய் என்றால் 50 மணிக்கு 4,000 ரூபாய். D8-ஐ நேரே 80-ஆல் பெருக்கினால் 166.67 வரும். உள்ளே இருப்பது 50 அல்ல, 2.0833 நாள். நாளை மணியாக்க 24-ஆல் பெருக்க வேண்டும்:

```
=D8*24*80
```

இந்தச் செல்லின் ஃபார்மேட் Number ஆக இருக்க வேண்டும். நேரமாக விட்டால் 4,000 நாட்கள் என்று எடுத்துக்கொண்டு 96000:00 என்று காட்டும்.

இதுவரை சொன்ன தவறுகள் கண்ணில் பட்டுவிடும். படாத ஒன்று உண்டு. நம் ஊரில் நேரத்தை 6.15 என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகியிருக்கிறோம். எக்செல்லுக்கு அது ஆறே கால் மணி அல்ல; ஆறு நாளும் இன்னொரு நாளின் 0.15 பங்கும். செவ்வாய்க்கிழமை 6:15-க்குப் பதில் 6.15 என்று அடித்தால், MOD முழு நாட்களைத் தள்ளிவிட்டு 5:36 என்று விடை தரும். பார்க்க நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். காவலாளிக்கு 2 மணி 39 நிமிடக் கூலி அப்படியே போகும். இதைத் தடுக்க, நேரம் அடிக்கும் செல்களைத் தேர்ந்தெடுத்து Data Validation-இல் Time என்பதை 0:00 முதல் 23:59 வரை என்று கட்டிவிட வேண்டும். பிறகு 6.15 போன்ற எண்ணை எக்செல் ஏற்காது.

MOD-க்கும் ஓர் எல்லை உண்டு. காலை 8 மணிக்கு வந்து மறுநாள் காலை 8 மணிக்குப் போகும் 24 மணி டூட்டிக்கு அது 0:00 என்று காட்டும். 36 மணி டூட்டிக்கு 12:00 என்று காட்டும். அப்படிப்பட்ட இடங்களில் வந்தது, போனது இரண்டிலும் தேதியையும் நேரத்தையும் ஒரே செல்லில் சேர்த்து அடித்து, Validation-ஐயும் அதற்கேற்ப மாற்றி, MOD இல்லாமல் `=C2-B2` என்று கழித்தால் போதும்.

நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டை எந்தத் தேதியில் எழுதுவது என்ற குழப்பமும் எழும், முக்கியமாக மாதக் கடைசியில். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 57ஆவது பிரிவில் இதற்கு விடை சொன்னது: நள்ளிரவுக்குப் பின் செய்த வேலை முந்தைய நாளின் கணக்கில் சேரும். அதன்படி 31ஆம் தேதி இரவு 10 மணிக்கு வந்தவரின் எட்டு மணி நேரமும் 31ஆம் தேதிக்கே உரியது. நடுவே வெட்டி இரண்டு வரிசையாக எழுதினால், ஒரு பாதி அடுத்த மாதத் தாளில் விடுபட வாய்ப்பு அதிகம்.

கூலி போடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஷிப்டுகளை எண்ணி எட்டால் பெருக்குங்கள். இங்கே ஆறு எட்டு 48. கூடுதலாக நின்ற நிமிடங்கள் 15, 15, 90. மொத்தம் இரண்டு மணி. ஆக 50. தாளில் உள்ள மொத்தம் இதிலிருந்து மாறினால், எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். வித்தியாசம் 24, 48, 72 என்று இருந்தால் முதலில் மொத்தச் செல்லின் ஃபார்மேட்டைப் பாருங்கள். 24 மணி டூட்டி இருந்தால் MOD-ஐயும் பாருங்கள். 2:39 போல ஒட்டாத எண்ணாக இருந்தால், ஏதோ ஒரு வரிசையில் நேரம் தவறாக அடிக்கப்பட்டிருக்கிறது. வந்த நேரம், போன நேரம் இரண்டு பத்தியையும் மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தால் அது அகப்பட்டுவிடும்.