பச்சைப் பாலும் கன்று வீச்சு நோயும்

கறந்த பாலில் நோய்க்கிருமி இரண்டு வழிகளில் சேர்கிறது. மடிக்காம்பில் ஒட்டிய சாணம், கறப்பவரின் கை, கழுவாத பாத்திரம் வழியாக வருவது ஒன்று. மாட்டின் உடம்பிலேயே இருந்து பாலோடு இறங்குவது மற்றொன்று. சுத்தமாகக் கறந்தால் முதலாவதைக் குறைக்கலாம். இரண்டாவதைக் கை கழுவித் தடுக்க முடியாது. மாட்டுக் காசநோயும் புரூசெல்லோசிஸ் எனப்படும் கன்று வீச்சு நோயும் இந்த வகை.

கன்று வீச்சு நோய் கண்ட பசு பெரும்பாலும் சினையின் கடைசி மாதங்களில் கன்றை வீசிவிடும். நஞ்சுக்கொடி விழத் தாமதமாகலாம். அதன் பிறகு மாடு தேறி, அடுத்த சினையில் ஒழுங்காகக் கன்றும் ஈனும். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கி, பாலில் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். பாலின் நிறமோ மணமோ மாறுவதில்லை. கண்ணால் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

மால்டா தீவில் இது தெளிவானது. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் நாட்கணக்கில் ஏறி இறங்கும் காய்ச்சலில் விழுந்தனர். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தார். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட், நோயின் சாயலே இல்லாத ஆடுகளின் இரத்தத்தில் அதன் தடயத்தைக் கண்டார். அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. ஊர் மக்கள் பச்சைப் பாலை விடவில்லை. காய்ச்சலும் அவர்களை விடவில்லை.

மனிதருக்கு வந்தால் மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை, முதுகிலும் மூட்டிலும் வலி, தீராத அசதி. பால் குடித்துச் சில வாரங்கள் கழித்தே இவை தொடங்குவதால், பாலை யாரும் சந்தேகிப்பதில்லை. டைபாய்டு என்றோ காசநோய் என்றோ தவறாக எண்ணவும் வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகும். மருந்தும் ஆறு வாரம் போல எடுக்க வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் அந்தக் கிருமி சூட்டுக்கு நிற்காது. 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. பாஸ்டரைசேஷன் என்பது இவ்வளவுதான். காசநோய்க் கிருமியும் இதில் மடிந்துவிடும். பால் பொங்கும்போது சூடு இதைவிட வெகு அதிகம். தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஊட்டியிலும் இந்தக் கணக்கு பொய்க்காது.

அடுப்பில் காய்ச்சும்போது அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருந்து, பொங்கி எழுந்ததும் தணலைக் குறைத்து, இன்னும் ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். ஆடை கட்டி ஓரத்தில் நுரைப்பதைப் பார்த்து உடனே இறக்குவது சரியல்ல. கிளறாத பெரிய பாத்திரத்தில் பால் எங்கும் ஒரே சீராகச் சூடேறியிருக்காது.

காய்ச்சிய வாடை பிடிக்காதவர்கள், பால் பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, வெப்பமானியைப் பாலின் நடுவில் பிடித்துப் பாஸ்டரைஸ் செய்யலாம். முள் 63ஐத் தொட்ட பிறகே 30 நிமிடக் கணக்கு தொடங்கும். இடையில் சூடு இறங்கினால் மீண்டும் முதலிலிருந்து. மேல் நுரை பாலைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால் மூடி வைத்து அவ்வப்போது கிளற வேண்டும். பின் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் இந்த முறை வேண்டாம், காய்ச்சுவதே மேல்.

காய்ச்சினால் சத்து போய்விடும் என்ற பேச்சு பாதி உண்மை. சில வைட்டமின்கள் ஓரளவு குறையும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அநேகமாக அப்படியே இருக்கும்.

பச்சைப் பாலை உறையூற்றினால் புளிப்பு கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. காய்ச்சிய பாலில் உறையூற்றுவதுதான் சரி. குளிரில் வைப்பதும் கொல்லாது. சீம்பாலில் கூடுதல் கவனம் தேவை, நோயுள்ள மாடு ஈன்ற நாட்களில்தான் கிருமியை அதிகம் வெளியேற்றுகிறது. வெல்லம் போட்டு ஆவியில் வேகவைக்கும்போது நடுப்பகுதியும் கெட்டிப்பட வேண்டும். ஓரம் இறுகி நடு தளும்பினால் வேகவில்லை.

சூடு கைவிடும் இடமும் உண்டு. மடிவீக்க நோய் கண்ட மாட்டின் பாலில் வளரும் ஒருவகைக் கிருமி நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. குடித்த சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். திரிதிரியாகவோ இரத்தம் கலந்தோ வரும் பாலைக் கொட்டிவிட வேண்டும்.

கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும் அந்நோய் தொற்றும். கையுறை போட்டு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் கால்நடை மருத்துவரே போட வேண்டும்.