‘வீட்டில் பேசும் மொழி?’ - ஒரு வரி பதிலில் ஒளிந்திருந்த கன்னடம்

திருப்பூரில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. பால் டம்ளர் படத்தைக் காட்டினால் ‘ஹாலு’ என்பாள். பல் படத்துக்கு ‘ஹல்லு’. ‘மழலை போகலை, கொஞ்சம் மந்தம்’ என்று மற்றவர்கள் சொல்ல, வகுப்பு ஆசிரியைக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. ‘ப’ வர வேண்டிய இடத்தில் ஒழுங்காக ‘ஹ’ வருகிறதே!

ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டுக்கு அனுப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தார். ‘வீட்டில் பேசும் மொழி: தமிழ்’ என்றிருந்தது. அம்மாவை வரவழைத்துக் கேட்டார்.

“வெளியில தமிழ்தானுங்க டீச்சர். வீட்ல எங்க மாமியார் கன்னடம்தான் பேசுவாங்க. பாப்பா பொறந்ததுல இருந்து அவங்ககிட்டத்தான் வளருது. அதையெல்லாம் எழுதணுமுங்களா?”

கொங்குப் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் தேவாங்கர் குடும்பம் அது. பால் கன்னடத்தில் ஹாலு, பல், ஹல்லு. சிறுமி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், பாட்டியின் மொழியில்.

அன்றிரவே படிவத்தை மாற்றி எழுதினார் ஆசிரியை. ‘வீட்டு மொழி என்ன?’ என்று கேட்டால், பள்ளிக்கு எது பிடிக்கும் என நினைக்கிறார்களோ அதைத்தான் பெற்றோர் எழுதுவார்கள். அதனால், ‘பகலில் குழந்தை யாரோடு இருக்கிறது? அவர் எந்த மொழியில் பேசுவார்? குழந்தை எந்த மொழியில் பதில் சொல்லும்?’ என்று பிரித்துக் கேட்டார். ‘வகுப்பில் உதவுவதற்காக மட்டுமே கேட்கிறோம்’ என்று மேலேயே ஒரு வரி. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களும் அதன்பிறகே தயங்காமல் எழுதினவாம்.

வாசிப்புக் கேள்வியும் இதே கதைதான். ‘வாசிக்கும் பழக்கம் உண்டா?’ என்றால் எல்லோரும் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். (நாமும் அப்படித்தானே?) ‘போன வாரம் குழந்தைக்கு யார், என்ன வாசித்துக் காட்டினீர்கள், அல்லது என்ன கதை சொன்னீர்கள்?’ என்று மாற்றியதும் பாதிப் படிவங்களில் அந்த இடம் காலியாகவே வந்தது. அந்தச் சிறுமியின் படிவத்தில் மட்டும் ‘பாட்டி தினமும் நரிக்கதை’ என்றிருந்தது. புத்தகமே இல்லாத வீடு, ஆனால் கதைக்குப் பஞ்சமில்லை.

கடைசிக் கேள்வி, எப்போது பேசலாம் என்பது. அம்மாவின் நம்பர் படிவத்தில் இருந்தும் பகலில் எடுத்ததே இல்லை. பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் தொடக்கூடாதாம். ‘அந்த நேரத்தில் போன் யார் கையில் இருக்கும்?’ என்று சேர்த்த பிறகுதான் விவரம் வந்தது: காலை டீ டைமில் ஐந்து நிமிடம், ஒன்றரை ஷிப்ட் உள்ள நாளில் இரவு எட்டரைக்கு மேல்.

எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கு இந்தப் படிவம் உதவாது. அவர்களிடம் பள்ளி வாசலில் நின்று வாய்மொழியாகவே கேட்டுக்கொள்கிறார் ஆசிரியை.

இப்போது அவர் பால் படத்தைக் காட்டி, “பாட்டி என்ன சொல்வாங்க? டீச்சர் என்ன சொல்வேன்?” என்று கேட்கிறார். “ஹாலு... பால்!” என்று இரண்டையும் சொல்கிறாள் சிறுமி.