அம்மாவின் வீடும் மகனின் கம்பெனியும்

வங்கிக் கிளையில் மேலாளர் மேசைக்கு எதிரே நான்கு நாற்காலிகள். கம்பெனி தொடங்கிய இரண்டு இளைஞர்கள், அவர்களில் ஒருவனின் அப்பா, அம்மா. மேசையில் தடிமனான ஒரு பத்திரக் கட்டு. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி. அதிகாரி பக்கத்தைப் புரட்டுகிறார், அம்மா கையெழுத்துப் போடுகிறார். பத்தாவது பக்கத்தில் நிறுத்தி, "இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். "எல்லாம் வழக்கமா வாங்குறதுதாங்கம்மா" என்கிறார் அதிகாரி. "போடுங்கம்மா, லேட்டாகுது" என்கிறான் மகன்.

அந்தப் பத்தாவது பக்கம்தான் உத்தரவாதப் பத்திரம். பேச்சு வழக்கில் ஜாமீன் கையெழுத்து, வங்கிக்காரர்கள் சொல்வது பர்சனல் கியாரண்டி. அது என்ன செய்யும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் வழியாகவே பார்த்துவிடலாம்.

கம்பெனி கோவையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்ப்செட்டுக்கான கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் பிரைவேட் லிமிடெட். வங்கிக் கடன் 60 லட்சம்: கேஷ் கிரெடிட் 40 லட்சம், மெஷின் வாங்க டேர்ம் லோன் 20 லட்சம். அம்மா பெயரில் உள்ள வீட்டின் பத்திரம் வங்கியில் அடமானம். வீட்டின் சந்தை மதிப்பு 80 லட்சம். நான்கு பேரும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள்.

'லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. கம்பெனி வேறு, அதை நடத்துபவர் வேறு. கம்பெனி பட்ட கடனுக்குக் கம்பெனியின் சொத்துதான் பொறுப்பு. உத்தரவாதப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்ததும், அந்த ஒரு கடனைப் பொறுத்தவரை இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128, உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. கம்பெனியிடம் கேட்டு அங்கே கிடைக்காவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. கம்பெனிச் சொத்தை விற்று முடித்த பிறகுதான் உத்தரவாதியிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1969லேயே பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் சொல்லிவிட்டது.

நம் கணக்கில், மூன்றாம் ஆண்டில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார். தவணை நிற்கிறது. 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆகிறது. நிலுவை 52 லட்சம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து, கம்பெனிக்கும் நான்கு உத்தரவாதிகளுக்கும் வங்கி நோட்டீஸ் அனுப்புகிறது. கெடு முடிந்ததும் வீட்டுச் சுவரில் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்படுகிறது, பத்திரிகையிலும் விளம்பரம் வருகிறது. இதற்கெல்லாம் வங்கி முதலில் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்கள் வெளியேற மறுத்தால் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் மூலம் வீட்டை எடுத்துக்கொண்டு ஏலம் விடுவார்கள்.

ஏலம் நடக்கும் நாளுக்குள் வட்டி, அபராதக் கட்டணம், செலவு எல்லாம் சேர்ந்து 52 லட்சம் 64 லட்சமாகிறது. முதல் ஏலத்துக்கு ஆள் வரவில்லை. விலையைக் குறைத்து விட்ட அடுத்த ஏலத்தில் 80 லட்ச ரூபாய் வீடு 58 லட்சத்துக்குப் போகிறது. வீடும் போய், 6 லட்சம் கடனும் நிற்கிறது.

அம்மா வங்கிக்குக் கொடுத்தது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வீட்டு அடமானம், இன்னொன்று உத்தரவாதக் கையெழுத்து. அடமானம் அந்த ஒரு வீட்டோடு முடிந்துவிடும். கையெழுத்து அப்படி முடியாது. மிச்சமுள்ள 6 லட்சத்துக்கு நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும் வங்கி போகலாம். அடமானம் வைக்காத சொத்தைத் தொட மட்டும் வழக்குப் போட வேண்டும். பாக்கி 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம், குறைவு என்றால் உரிமையியல் நீதிமன்றம். தீர்ப்பு வந்தபின் நிலம், மனை, வைப்புத்தொகை எதுவும் ஜப்திக்கு உட்படும்.

இதில் வழக்குக்கூடத் தேவைப்படாத இடம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை அப்பா அதே வங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறார். உத்தரவாதியின் கணக்கிலுள்ள பணத்தைக் கடனுக்கு ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையை வங்கிகள் பெரும்பாலும் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிடுகின்றன. மகனுக்காகக் கையெழுத்துப் போடும் பெற்றோர், தங்கள் முதுமைக்கால டெபாசிட்டை வேறு வங்கியில் வைத்திருந்தால் அது ஒரே நாளில் கரையாது. கையெழுத்துப் போடும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இனி, வங்கி எதைத் தொட முடியாது? கையெழுத்துப் போடாத மனைவியின் சொந்த நகைக்கும் அவர் பெயரில் அவரே வாங்கிய மனைக்கும் பொறுப்பு இல்லை. பெற்றோர் கையெழுத்துப் போடாமலும் பத்திரம் கொடுக்காமலும் இருந்தால், மகன் கடனுக்காக அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்கும் ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60, ஜப்தியிலிருந்து விலக்குத் தருகிறது. விவசாய நிலத்தை சர்ஃபாசி சட்டத்தின் குறுக்கு வழியில் எடுக்க முடியாது. வழக்கின் மூலம்தான் முடியும். உத்தரவாதி இறந்துபோனால் அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. பிள்ளைகள் தம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

ஆனால் நோட்டீஸ் வந்தபின் மனைவி பெயருக்கோ தங்கை பெயருக்கோ தானப்பத்திரம் எழுதுவதால் சொத்து தப்பிவிடாது. கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதப்பட்டது என்று காட்டினால், சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 53 அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. கம்பெனியை மூடினால் கடனும் மூடிவிடும் என்பதும் இதே போன்ற நம்பிக்கைதான். திவால் சட்டத்தின் கீழ் கம்பெனிக்கு மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற்று, கம்பெனி பழைய கடனிலிருந்து வெளியே வந்தாலும், உத்தரவாதி தானாக விடுபடுவதில்லை என்று 2021 மே மாதம் லலித்குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

கூட்டாளி விலகும்போது நடப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே நண்பன் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டு பெங்களூரு வேலைக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர் பதவியை விட்டதற்கான படிவமும் தாக்கலாகிவிட்டது. இருந்தும் அவன் உத்தரவாதம் உயிரோடுதான் இருக்கிறது. அது தொடர் உத்தரவாதம். கம்பெனியை விட்டுப் போனதால் முடியாது. இனிமேல் எடுக்கும் பணத்துக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று வங்கிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க பிரிவு 130 இடம் தருகிறது. அதுவரை எடுத்த பணத்துக்கு, வங்கியே விடுவிப்புக் கடிதம் கொடுத்தால்தான் விடுதலை. பங்கு மாற்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே அந்தக் கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

மறுபுறம், அம்மாவுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. அது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. வேறு விதமாக எழுதாதவரை, உத்தரவாதிகள் தங்களுக்குள் சம பங்குக்குப் பொறுப்பு. 64 லட்சத்தில் ஒவ்வொருவர் பங்கும் 16 லட்சம். அம்மாவின் வீடு 58 லட்சத்தைத் தீர்த்தது. மீதி 6 லட்சத்தை நண்பன் கட்டியிருந்தால், அவன் பங்கில் குறையும் 10 லட்சத்தை அம்மா அவனிடம் சட்டப்படி கேட்கலாம்.

இந்த நிலைக்கு வராமலிருக்க, கடன் கேட்கும்போதே பேச வேண்டியவை மூன்று. முதலாவது, சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் கடன் கேட்பது. குறு, சிறு நிறுவனங்களுக்கு, சொத்து அடமானமும் வெளியார் ஜாமீனும் இல்லாமல் வங்கி கொடுக்கும் கடனுக்கு இந்த நிதியம் வங்கிக்குப் பாதுகாப்புத் தருகிறது. 2025 ஏப்ரல் முதல் இதன் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். இதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. கம்பெனி நடத்துபவரின் சொந்த உத்தரவாதத்தை வங்கி அப்போதும் வாங்கும். நிதியம் வங்கிக்குப் பணம் கொடுத்தாலும் அவர் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் அம்மாவின் வீடு இந்தக் கதைக்குள் வராது.

இரண்டாவது, வீடு தந்தே ஆக வேண்டுமென்றால் அம்மாவை அடமானத்தோடு நிறுத்துவது. வீடு மட்டும், தனிப்பட்ட உத்தரவாதம் இல்லை என்று கேட்கலாம். மூன்றாவது, வங்கி அதற்கு இசையாவிட்டால் உத்தரவாதத்துக்கு உச்சத்தொகை எழுதச் சொல்வது. 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை' என்றுதான் பிரிவு 128 இடம் விடுகிறது. 'இன்ன தொகைக்கு மேல் இல்லை' என்ற ஒரு வரி போதும். அனுமதிக் கடிதம் வரும் முன் கேட்டால் வங்கி பேசும். பத்திரக் கட்டு மேசைக்கு வந்தபின் பேசாது.

தவணை தவறிவிட்டால் நாள் கணக்குதான் முக்கியம். 60 நாள் நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல நாள்வரை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஏல அறிவிப்பு வெளியாவதோடு அது முடிந்துவிடுகிறது. ஒருமுறைத் தீர்வுக்கு வங்கி ஒத்துக்கொண்டால், அந்தக் கடிதத்தில் உத்தரவாதிகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி விடுவித்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் பணம் கட்ட வேண்டும்.

அம்மா கேட்ட கேள்விக்கு மேசையிலிருந்த யாரும் பதில் சொல்லவில்லை. பத்திர நகலை முதல் நாளே வாங்கிவந்து, மகன் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: "அம்மா, என் கம்பெனி கட்டாட்டி உன் வீட்டை வித்து எடுத்துக்குவாங்க. அதுலயும் தீரலைன்னா உன் பேர்ல இருக்கற மத்ததையும் கேப்பாங்க. சம்மதமா?" இதைக் கேட்டபின் அம்மா போடும் கையெழுத்துதான் அவருடைய சம்மதம்.