பக்க அட்டவணை கொண்டு மெய்நிகர் முகவரியைப் பௌதிக முகவரியாக மாற்றுதல்

கணினியில் இயங்கும் ஒரு நிரல், நினைவகத்தில் தனக்கு வேண்டிய இடத்தைச் சுட்டப் பயன்படுத்தும் எண் மெய்நிகர் முகவரி எனப்படும். அந்தத் தரவு நினைவகத்தில் உண்மையில் இருக்கும் இடத்தின் எண் பௌதிக முகவரி. இவ்விரண்டையும் இணைப்பது பக்க அட்டவணை. இயக்கு தளம் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக ஓர் அட்டவணை வைத்திருக்கும். நிரல் முகவரி ஒன்றைக் கேட்கும்போது, செயலியில் உள்ள நினைவக மேலாண்மை அலகு அந்த அட்டவணையின்படி முகவரியை மாற்றிக் கொடுக்கும்.

இயக்கு தளப் பாடத் தேர்வில் இதைக் கையால் செய்து காட்டச் சொல்வது வழக்கமான கேள்வி. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதுமான கணக்குதான். ஆயினும் பலர் தவறான விடை எழுதுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முகவரியை எந்த இடத்தில் வெட்டுவது என்பதைப் பிட் கணக்கில் பார்க்காமல், எழுதியிருக்கும் இலக்கங்களின் கணக்கில் பார்ப்பது.

பக்கமும் சட்டகமும்

நிரலின் முகவரி வெளி சம அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம். பௌதிக நினைவகமும் அதே அளவில் பிரிக்கப்படுகிறது. அங்கே ஒரு துண்டுக்குச் சட்டகம் என்று பெயர். வகுப்பறையில் ஃபிரேம் என்றே சொல்வார்கள். எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே பக்க அட்டவணை சொல்லும். பக்கத்துக்குள் ஒரு பைட் எத்தனையாவதாக இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பள்ளியில் ஒரு வகுப்பை வேறு அறைக்கு மாற்றினால் மாணவர்களின் வரிசை எண் மாறுவதில்லை அல்லவா? அதுபோல, பக்கத்துக்குள் இருக்கும் தொலைவு, அதாவது ஆஃப்செட், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.

ஆகவே மெய்நிகர் முகவரியில் இரண்டு பகுதிகள் உள்ளன. இடப்பக்கம் பக்க எண், வலப்பக்கம் ஆஃப்செட். பக்க எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சட்டக எண்ணை வைத்தால் பௌதிக முகவரி கிடைத்துவிடும். ஆஃப்செட்டுக்கு எத்தனை பிட் என்பதைப் பக்க அளவுதான் முடிவு செய்கிறது. 1 கிலோபைட் என்பது 1024 பைட், அதாவது 2^10. எனவே ஆஃப்செட்டுக்கு 10 பிட். 4 கிலோபைட் பக்கமானால் 12 பிட்.

ஒரு கணக்கு

மெய்நிகர் முகவரி 16 பிட். பக்க அளவு 1 கிலோபைட். பௌதிக நினைவகம் 32 கிலோபைட். ஒரு நிரலின் பக்க அட்டவணையில் முதல் ஆறு பதிவுகள் கீழே உள்ளன. 0x0DB6, 0x1423 ஆகிய முகவரிகளுக்குப் பௌதிக முகவரி காண வேண்டும்.

| பக்க எண் | செல்லுபடி பிட் | சட்டக எண் |
|---|---|---|
| 0 | 1 | 5 |
| 1 | 1 | 19 |
| 2 | 0 | 7 |
| 3 | 1 | 8 |
| 4 | 1 | 30 |
| 5 | 0 | 12 |

முகவரியைத் தொடுவதற்கு முன் அளவுகளை எழுதிக்கொள்வது நல்லது. ஆஃப்செட் 10 பிட். மெய்நிகர் முகவரியின் 16 பிட்டில் மீதி 6 பிட் பக்க எண்ணுக்கு. பௌதிக நினைவகம் 32 கிலோபைட், அதாவது 2^15 பைட். எனவே பௌதிக முகவரி 15 பிட், அதில் சட்டக எண் 5 பிட். இந்த 15 என்ற எண்ணைக் குறித்து வைத்தவர்களுக்குப் பின்னால் அது உதவும்.

இப்போது 0x0DB6. பதினறும எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் நான்கு பிட். விரித்து எழுதினால் 0000 1101 1011 0110. வலப்பக்கத்திலிருந்து பத்து பிட்டை எண்ணிக் கோடு போட வேண்டும்:

```
000011 | 0110110110
பக்கம் 3 | ஆஃப்செட் 438
```

அட்டவணையில் 3ஆம் பக்கத்தின் செல்லுபடி பிட் 1, சட்டகம் 8. எட்டை ஐந்து பிட்டில் எழுதினால் 01000. அதன் பின்னே ஆஃப்செட்டை அப்படியே ஒட்டினால்:

```
01000 | 0110110110  =  010 0001 1011 0110  =  0x21B6
```

பதின்ம எண்ணிலும் இதைச் சரிபார்க்கலாம். 0x0DB6 என்பது 3510. 1024ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 438. ஈவு பக்க எண், மீதி ஆஃப்செட். 8 × 1024 + 438 = 8630. 0x21B6 என்பதும் 8630தான். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் கவலையில்லை. கேள்வித்தாளில் முகவரி பதின்ம எண்ணாகவே தரப்பட்டிருந்தால் இந்த வகுத்தல் வழியே சுருக்கமானது.

தவறும் இடங்கள்

இந்தக் கணக்கில் அதிகம் காணப்படும் தவறான விடை 0x5DB6. கடைசி மூன்று பதினறும இலக்கங்களான DB6 ஆஃப்செட், முதல் இலக்கம் 0 பக்க எண், 0ஆம் பக்கத்துக்குச் சட்டகம் 5 என்று எழுதிவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. இன்டெல் 80386 செயலி 1985இல் 4 கிலோபைட் பக்கத்தோடு வந்தது; அந்த அளவே x86 கணினிகளில் இன்றும் அடிப்படை அளவாக உள்ளது. பாடநூல் எடுத்துக்காட்டுகளிலும் அதையே அதிகம் பார்க்கிறோம். 4 கிலோபைட்டுக்கு ஆஃப்செட் 12 பிட், அதாவது சரியாக மூன்று பதினறும இலக்கங்கள். அங்கே இலக்கத்தை வெட்டுவதும் பிட்டை வெட்டுவதும் ஒன்றாகிவிடுகின்றன. 1 கிலோபைட்டில் வெட்டும் கோடு ஓர் இலக்கத்தின் நடுவே விழுகிறது: மேலே D என்ற இலக்கத்தின் 11 என்ற பாதி பக்க எண்ணுக்கும், 01 என்ற பாதி ஆஃப்செட்டுக்கும் போனதைக் காணலாம். இது தேர்வுக்கென்று வலிந்து செய்த அளவு அன்று. பழைய வாக்ஸ் கணினிகளின் பக்கம் 512 பைட், ஆஃப்செட் 9 பிட். ஆப்பிளின் எம்1 சில்லுள்ள மேக் கணினிகளில் பக்கம் 16 கிலோபைட், ஆஃப்செட் 14 பிட். இரண்டிலும் கோடு இலக்கத்தின் நடுவேதான்.

இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. DB6 என்பது 3510. 1024 பைட் உள்ள பக்கத்தில் ஆஃப்செட் 0 முதல் 1023 வரைதான் இருக்க முடியும். ஆஃப்செட் பக்க அளவைத் தாண்டினால் வெட்டிய இடம் தவறு.

இன்னொரு தவறு, சரியாக வெட்டிவிட்டு ஒட்டும்போது நேர்கிறது. சட்டகம் 8, ஆஃப்செட் 0x1B6. இரண்டையும் சேர்த்து 0x81B6 என்று எழுதுவது. இது பதின்மத்தில் 33206. நினைவகத்தின் கடைசி முகவரியே 32767. பௌதிக முகவரி 15 பிட் என்று முதலில் எழுதி வைத்தவருக்கு 16 பிட் விடையைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். சிலர் 8 + 438 = 446 என்று நேராகக் கூட்டிவிடுவதும் உண்டு. அந்த 446 சட்டகம் 0க்குள் விழுகிறது; எட்டாம் சட்டகத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சட்டக எண் என்பது வரிசை எண். அதைப் பக்க அளவால் பெருக்கினால்தான் சட்டகம் தொடங்கும் முகவரி கிடைக்கும். ஆனால் கேள்வியில் அட்டவணை சட்டக எண்ணுக்குப் பதிலாகச் சட்டகத்தின் தொடக்க முகவரியைத் தந்திருந்தால் பெருக்கக் கூடாது, நேராகக் கூட்ட வேண்டும். அட்டவணையின் தலைப்பை ஒருமுறை நிதானமாகப் படிப்பதற்கு இதுவே போதிய காரணம்.

செல்லுபடி பிட்

இரண்டாம் முகவரி 0x1423. விரித்தால் 0001 0100 0010 0011. பக்க எண் 000101, அதாவது 5. ஆஃப்செட் 35. அட்டவணையில் 5ஆம் பக்கத்துக்கு எதிரே 12 என்று எழுதியிருக்கிறது. 12 × 1024 + 35 = 12323 என்று விடை எழுதக் கை பரபரக்கும். ஆனால் செல்லுபடி பிட் 0. இதற்குப் பௌதிக முகவரி கிடையாது. சரியான விடை பக்கப் பிழை, அதாவது பேஜ் ஃபால்ட்.

செல்லாத பதிவில் 12 என்ற எண் ஏன் இருக்கிறது? பிட் 0 ஆக இருக்கும்போது வன்பொருள் அந்தப் பதிவின் மற்றப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. அங்கே பழைய எண் அழிக்கப்படாமல் கிடக்கலாம். அல்லது இயக்கு தளம் தன் குறிப்புக்காக, வட்டில் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பது போன்ற எதையாவது எழுதி வைத்திருக்கலாம். 12ஆம் சட்டகத்தில் இப்போது வேறொருவருடைய நிரலின் கடவுச்சொல்கூட இருக்கலாம். செல்லுபடி பிட்டைப் பார்க்காமல் முகவரியை மாற்றிக் கொடுத்தால் இந்த நிரல் அதைப் படித்துவிடும். தேர்வில் ஒரு மதிப்பெண் போகும் இடத்தில், உண்மையான கணினியில் பாதுகாப்பே போய்விடுகிறது.

பக்கப் பிழை என்றால் நிரல் தவறு செய்தது என்று பொருள் இல்லை. இயக்கு தளம் குறுக்கிட்டு, அது நிரலுக்கு உரிய பக்கம்தானா என்று பார்க்கும். உரியதென்றால் வட்டிலிருந்து கொண்டுவந்து காலியான ஒரு சட்டகத்தில் வைத்து, அட்டவணையைத் திருத்தி, அதே கட்டளையை மறுபடி இயக்கும். உரியதல்ல என்றால்தான் நிரல் நிறுத்தப்படும்.

கணக்கு முழுவதையும் பைத்தான் மொழியில் எழுதினால் இவ்வளவுதான்:

```
p = va >> 10
d = va & 0x3FF
if valid[p]:
    pa = (frame[p] << 10) | d
```

வீட்டில் பயிற்சி செய்பவர்கள் கையால் போட்ட விடையை இதைக் கொண்டு ஒத்துப் பார்க்கலாம்.

அடுத்தடுத்த இரு பைட்டுகள்

இதே அட்டவணையை வைத்து இன்னொரு கேள்வியும் கேட்பதுண்டு: 0x0FFF முகவரியில் தொடங்கும் இரண்டு பைட் எண் ஒன்றை நிரல் படிக்கிறது, அந்த இரு பைட்டுகளும் நினைவகத்தில் எங்கே உள்ளன? முதல் பைட் 4095ஆம் முகவரி: பக்கம் 3, ஆஃப்செட் 1023. அதாவது மூன்றாம் பக்கத்தின் கடைசி பைட். பௌதிக முகவரி 8 × 1024 + 1023 = 9215. அடுத்த பைட் 0x1000, அதாவது 4096: பக்கம் 4, ஆஃப்செட் 0. சட்டகம் 30 என்பதால் பௌதிக முகவரி 30720. முதல் விடையோடு ஒன்றைக் கூட்டி 9216 என்று எழுதினால் அது ஒன்பதாம் சட்டகத்தின் முதல் பைட். மேலே உள்ள ஆறு பதிவுகளில் ஒன்பதாம் சட்டகமே இல்லை. நிரலின் பார்வையில் அடுத்தடுத்து இருக்கும் பைட்டுகள் ஒரு பக்கத்துக்குள் இருக்கும் வரையில்தான் நினைவகத்திலும் அடுத்தடுத்து இருக்கும். எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டவணையைத் தனியே பார்க்க வேண்டும்.