ஒரு வீடு, மூன்று விளம்பரம்

குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் மூன்று புரோக்கர்களிடம் சொல்லிவைக்கிறார். முதல் புரோக்கர் 950 சதுர அடி, 62 லட்சம் என்று இணையதளத்தில் போடுகிறார். இரண்டாமவர் பேரத்துக்கு இடம் வைத்து 65 லட்சம் என்கிறார். மூன்றாமவர் சுவருக்குள் புழங்கக்கூடிய 700 சதுர அடியை மட்டும் எழுதி, விலைக்கு 'நேரில் பேசலாம்' என்று விட்டுவிடுகிறார். வீடு தேடுபவர் கண்ணில் படுவது மூன்று வீடுகள். மூன்றுக்கும் போன் செய்து, மூன்று பேரோடு வண்டியில் ஏறிப்போய், ஒரே வாசலில் நிற்கிறார்.

வீடு விற்கும் தளங்களில் பெரும்பாலான கோளாறு இங்கே தொடங்குகிறது. தளத்தைக் கட்டுபவர்கள் வீட்டையும் விளம்பரத்தையும் ஒன்றாகவே எண்ணி ஒரே அட்டவணையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துவைக்க வேண்டும். தெரு, மாடி, பரப்பு, வயது, எந்தத் திசை பார்த்த வாசல் என்பவை வீட்டுக்கு உரியவை. கேட்கும் விலை, படங்கள், வர்ணனை, போட்ட தேதி, யார் போட்டது என்பவை விளம்பரத்துக்கு உரியவை. அப்படிப் பிரித்தால் குரோம்பேட்டை ஃப்ளாட் ஒரே வீடாக ஒருமுறைதான் தெரியும். அதன் கீழே மூன்று ஏஜென்ட்களும் அவரவர் விலையோடு நிற்பார்கள்.

மூன்றும் ஒன்றுதான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தெரு, மாடி, பரப்பு ஆகியவற்றோடு படங்களையும் ஒப்பிட்டுச் சந்தேகப்படலாம்; முடிவை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஒரே அடுக்ககத்தில் முதல் மாடியும் இரண்டாம் மாடியும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். தனித்தனி வீடுகளைத் தவறாக இணைத்துவிட்டால் ஒருவர் வீடு தளத்திலிருந்தே காணாமல் போகும். இரட்டிப்பாய்த் தெரிவதைவிட இது மோசம்.

அடுத்தது ஃபில்டர். நம் ஊரில் ஒருவர் ஒரு கிரவுண்டு என்பார், இன்னொருவர் ஐந்தரை சென்ட் என்பார், மூன்றாமவர் 2400 சதுர அடி என்பார். கிட்டத்தட்ட ஒரே அளவுதான்: கிரவுண்டு 2400 சதுர அடி, சென்ட் 435.6 சதுர அடி. எந்த அளவில் சொன்னாலும் வாங்கிக்கொண்டு, உள்ளே சதுர அடியாக மாற்றி வைத்தால்தான் தேடல் நேராக நடக்கும். ஃப்ளாட்டுக்கு இன்னொரு சிக்கல். படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் பங்கு எல்லாம் சேர்த்த சூப்பர் பில்ட்அப் அளவு ஒன்று. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் வரையறுத்திருக்கும் கார்பெட் அளவு இன்னொன்று. வெளிச்சுவர், பால்கனி ஆகியவை கார்பெட் கணக்கில் வராது. வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் வரும். இரண்டு அளவுகளுக்கும் தனித்தனிக் கட்டம் இல்லாத தளத்தில் '900 சதுர அடிக்கு மேல்' என்று தேடினால், உண்மையைச் சொன்ன மூன்றாம் புரோக்கரின் விளம்பரம் மட்டும் கழன்று விழும். நேர்மைக்குக் கிடைக்கும் பரிசு அது.

சொல்லாமல் விட்ட தகவலும் இப்படித்தான் தொல்லை தரும். 'லிஃப்ட் வேண்டும்' என்று ஒருவர் சொடுக்குகிறார். ஒரு விளம்பரத்தில் லிஃப்ட் பற்றிப் பேச்சே இல்லை. 'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் வெவ்வேறு. தரவுத்தளத்தில் இரண்டுக்கும் தனி இடம் இருக்க வேண்டும். லிஃப்ட் உள்ளவற்றை மேலே காட்டிவிட்டு, 'இந்த வீடுகளில் லிஃப்ட் பற்றித் தகவல் இல்லை' என்ற தலைப்பில் மற்றவற்றைக் கீழே தருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தேர்ந்தெடுத்த ஃபில்டர்கள் எல்லாம் பக்கத்தின் முகவரியிலேயே பதிய வேண்டும் என்பதும் முக்கியம்:

```
/chennai/chromepet?bhk=2&max=6500000&lift=yes
```

கணவர் அலுவலகத்தில் தேடியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீட்டில் மனைவி திறக்கும்போதும் அதே பட்டியல் வர வேண்டும். முகவரியில் ஃபில்டர் பதியாவிட்டால் அவருக்குச் சென்னை முழுக்க உள்ள வீடுகள் கொட்டும்.

மேப்பில் நடக்கும் வேலை எளியது. திரையில் தெரியும் செவ்வகத்தின் எல்லைகளை நான்கு எண்களாக அனுப்பி, அதற்குள் இருக்கும் வீடுகளை மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், அவற்றைச் சேர்த்து எண்ணிட்ட வட்டங்களாகக் காட்டுகிறார்கள். தவறு நேர்வது பெரும்பாலும் இடக்குறிப்பில்தான். குரோம்பேட்டை சுமாராக 12.95 அட்சம், 80.14 தீர்க்கம். சில மென்பொருள்கள் அட்சத்தை முதலில் கேட்கும், சில தீர்க்கத்தை முதலில் கேட்கும். இடம் மாற்றிக் கொடுத்தால் நம் ஃப்ளாட் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். இந்தப் பிழை சட்டென்று கண்ணில் படும்; திருத்திவிடலாம்.

கண்ணில் படாதது வேறொன்று. புரோக்கர் ஏரியாவின் பெயரை மட்டும் கொடுத்தால், மென்பொருள் அந்த ஏரியாவின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிடும். ஒரே புள்ளியில் இருபது வீடுகள் அடுக்கியிருந்தால், அவை பெரும்பாலும் இப்படி வந்தவையாகத்தான் இருக்கும். எனவே ஒவ்வோர் இடக்குறிப்போடும் அது வாசல்வரை துல்லியமா, தெருவரையா, ஏரியா மட்டுமா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஏரியா மட்டும் தெரிந்த வீட்டுக்குப் புள்ளி வைப்பது பொய் சொல்வதற்குச் சமம். பாதுகாப்புக்காகச் சரியான இடத்தை மறைக்க நினைக்கும் உரிமையாளர்களும் உண்டு. அவர்களுக்காகப் புள்ளியை நூறு மீட்டர் தள்ளிவைப்பதென்றால், ஒரே ஒருமுறை தள்ளி அதையே நிலையாக வைக்க வேண்டும். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகத் தள்ளினால், பலமுறை திறந்து பார்ப்பவர் அந்தப் புள்ளிகளின் நடுவை எடுத்தே வாசலைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதயக் குறியைத் தட்டிப் பிடித்த வீட்டைச் சேமிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். எதோடு சேர்த்துச் சேமிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. விளம்பரத்தோடு சேர்த்தால், முதல் புரோக்கர் தன் விளம்பரத்தை எடுத்த மறுநிமிடம் நீங்கள் சேமித்ததும் போய்விடும். வீடோ இன்னும் விற்காமல் நிற்கும். வீட்டோடு சேர்த்தால் அது நிலைக்கும். சேமித்த நாளின் விலையையும் கூடவே எழுதிவைத்தால், பிறகு 65 லட்சம் 62 ஆனதைக் காட்ட முடியும். விற்றுவிட்டால் பட்டியலிலிருந்து நீக்காமல் 'விற்றுவிட்டது' என்று சொல்வதே மரியாதை.

விசாரணைக்கு வருவோம். சில இடங்களில் 'தொடர்புகொள்ள' என்பதை ஒருமுறை அழுத்தினாலே உங்கள் எண் நாலைந்து புரோக்கர்களுக்குப் போய்விடுகிறது. இரண்டு நாளைக்குப் போன் ஓயாது. வீட்டின் கீழ் மூன்று ஏஜென்ட்கள் தெரியும்போது, யாரிடம் பேசுவது என்பதை வாங்குபவரே தேர்ந்தெடுக்கட்டும். விசாரணை அவருக்கு மட்டும் போகட்டும். அவர் சொன்ன நேரத்துக்குள் பதில் தராவிட்டால், 'வேறொருவருக்கு அனுப்பலாமா?' என்று கேட்டபின் அனுப்பலாம். கேட்காமல் அனுப்பக் கூடாது.

அதே எண்ணிலிருந்து அதே வீட்டுக்கு மறுநாளும் விசாரணை வந்தால் அதைப் புதிதாகக் கொள்ளாமல் பழையதோடு சேர்த்து, முதலில் பேசிய ஏஜென்ட்டுக்கே தர வேண்டும். எந்த விசாரணை எப்போது யாருக்குப் போனது என்ற பதிவு நிமிடக் கணக்கோடு இருப்பது அவசியம். 'பார்ட்டியை முதலில் கூட்டிவந்தது நான்தான்' என்று இரண்டு புரோக்கர்கள் கமிஷனுக்கு மல்லுக்கட்டும் நாளில் அதுதான் சாட்சி.

கடைசியாக, விசாரணை ஆளின் பெயருக்கு மட்டும் போகக் கூடாது, அவருடைய அலுவலகத்தின் பொதுக் கணக்குக்கும் போக வேண்டும். ஏஜென்ட் வேலையை விட்டுப் போயிருப்பார்; தளம் அவருடைய பழைய பெட்டியில் விசாரணைகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். யாருக்கும் பிழைச்செய்தி வராது. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு: ஏஜென்ட் வாரியாக, வந்த விசாரணைகளில் எத்தனை திறந்து பார்க்கப்பட்டன என்று வாரம் ஒருமுறை எண்ணுவது. ஒரு பெயருக்கு நேரே முழுப் பூஜ்யம் தெரிந்தால், அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து அவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.